ஐலசாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?

கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பாடகர் குழு நடத்தும் நண்பர் ஒருவர் போன் செய்தார். சென்னையில் நிகழ்ச்சி, பாதிக் கூட்டத்துக்குத் தமிழ் தெரியாது, எட்டு ஆங்கிலப் பாட்டுக்கு நடுவில் நம்ம ஊர்ப் பாட்டு ஒன்று வருகிறது, கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், மொழிபெயர்த்துக் கொடு, சின்னப் பாட்டுதான், பாதி வரி திரும்பத் திரும்ப வருவதுதானே என்றார். ஒரு சாயங்காலத்து வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் அந்தத் திரும்பத் திரும்ப வருகிற பாதி வரிதான் படுத்தியது.

பாட்டு ஒரு அம்பா. கரைவலை இழுக்கும்போது பாடுவது. படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வருவார்கள், அதன் இரண்டு முனையிலும் கட்டிய நீளக் கயிறுகளைக் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நண்பரின் குழு இதை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டிருந்தது. ஆரம்பம் இப்படி:

விடியாத நேரத்திலே – ஏலேலோ
வளைச்சுப் போட்ட வலை – ஐலசா
வளைச்சுப் போட்ட வலைக்குள்ளே – ஏலேலோ
வழி தவறி வந்த மீனு – ஐலசா
வழி தவறி வந்த மீனை – ஏலேலோ
வாரிக்கிட்டு வரும் மடி – ஐலசா
வாரிக்கிட்டு வரும் மடி – ஏலேலோ
கனக்குதடி கன்னியம்மா – ஐலசா

இந்த மாதிரி பன்னிரண்டு கண்ணி, கண்ணிக்கு இரண்டு வரி. ஆக ஏலேலோ பன்னிரண்டு, ஐலசா பன்னிரண்டு. கடைசியில் வலை கரைக்கு நெருங்கும்போது வேகம் ஏறி வெறும் ஐலசா மட்டும் அடுக்கி வரும்.

முதல் வரைவில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஏலேலோவையும் ஐலசாவையும் தூக்கிவிட்டு மிச்சத்தை ஒழுங்கான ஆங்கில வாக்கியமாக ஆக்கினேன், மேலே 'ஒவ்வொரு வரிக்குப் பிறகும் குழுவினர் பதில் பாடுவர்' என்று ஒரு குறிப்பு. படிக்க நன்றாகவே இருந்தது. ஒத்திகைக்கு எடுத்துப் போய், தமிழ் சுத்தமாகத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பாட்டு போகப் போக இப்போது எந்த இடம் என்று விரலால் காட்டிக்கொண்டே வரச் சொன்னேன். ஐந்தாவது வரியிலேயே விரல் நின்றுவிட்டது. காதில் விழுகிற ஒரே அடையாளம் ஏலேலோ, ஐலசா இரண்டும்தான், அதைத்தான் நான் தாளிலிருந்து அழித்திருக்கிறேன். கச்சேரிக் கையேட்டை யாரும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதில்லை, அரை இருட்டில் பாட்டைத் துரத்திக்கொண்டே படிக்கிறார்கள்.

சரி, அதையும் போட்டுவிடலாம். எப்படிப் போடுவது? நண்பருக்கு 'ஹீவ்-ஹோ' பிடித்திருந்தது. அதுவும் கயிறு இழுக்கிற கூவல்தான், அர்த்தமும் பொருந்தும், ஆனால் அதைப் படித்த கணமே வாசகர் மனசில் ஒரு பாய்மரக் கப்பலும் தாடி வைத்த ஆங்கில மாலுமிகளும் வந்து நிற்பார்கள், அதற்கப்புறம் நம் கடற்கரையை அங்கே கொண்டுவர முடியாது. 'இழு' என்று நேராகவே போட்டுப் பார்த்தேன். அது கட்டளை ஆகிவிட்டது. ஐலசா என்று யாரும் யாருக்கும் கட்டளை போடுவதில்லையே.

பெரியவரிடமே கேட்டுவிடலாம் என்று ஊருக்குப் போனேன். "ஐயா, ஐலசான்னா என்ன அர்த்தம்?" என்றதும் சிரித்தார். "அர்த்தமா? கயித்தப் புடி தம்பி." பிடித்தேன். எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் ஏழெட்டுப் பேர். வரி எடுக்கும்போது கால் மணலில் பின்னால் நகர்கிறது. ஏலேலோவில் கயிற்றை இறுக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான், இழுவை கிடையாது. 'ஐல' என்னும்போது எல்லா உடம்பும் பின்னால் சாய்கிறது. 'சா'வில் இழுவை. நான் முதல் மூன்று முறையும் 'ஐ'யிலேயே இழுத்து, பின்னால் இருந்தவரின் காலை மிதித்துத் திட்டு வாங்கினேன்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. இரண்டுக்கும் வேலை வேறு, ஏலேலோ காத்திருப்பு, ஐலசா இழுவை. வரிகளைப் பாருங்கள், 'வளைச்சுப் போட்ட' என்றதும் எது என்று தெரியாது, 'வலை' என்று முடிந்ததும் ஐலசா விழுகிறது. 'வழி தவறி வந்த', எது? மீனு. ஐலசா. தமிழில் பெயரெச்சம் முன்னால் வந்து பெயர் கடைசியில் விழுவதால், ஒவ்வொரு கண்ணியும் ஒரு பொருளைக் கடலுக்குள்ளிருந்து இழுத்துப் போட்ட மாதிரி முடிகிறது. ஏற்றக்காரன் 'மூங்கில் இலை மேலே தூங்கும் பனி நீரே' என்று பாடிவிட்டு வேலை முடிந்து போய்விட, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் கம்பர் தவித்தார் என்று ஒரு கதை சொல்வார்களே, அந்தத் தவிப்புதான் இங்கேயும்.

என் ஆங்கில வரைவில் அது மொத்தமும் போயிருந்தது. ஆங்கிலத்தில் வலை முதலில் வந்துவிடும், அப்புறம் அது எப்படிப்பட்ட வலை என்று பின்னால் வால் நீளும். இழுவை விழ வேண்டிய இடத்தில் வெறும் வால். அதனால் வாக்கியத்தை உடைத்தேன். 'விடியும் முன்னே' ஒரு வரி, 'வட்டமாய்ப் போட்டது, வலை' அடுத்த வரி என்கிற மாதிரி, ஆங்கிலத்திலும் பெயரைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒரு காற்புள்ளி போட்டால் ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பன்னிரண்டு கண்ணியும் அப்படியே செய்தால் கவிதை எழுத வந்த கல்லூரிப் பையன் எழுதியது போல ஆகிவிடுகிறது. ஒன்றையொன்று சங்கிலியாகப் பிடித்துக்கொண்டு வருகிற முதல் நாலு கண்ணிகளில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதில் சாதாரண வரிசைக்கே விட்டுவிட்டேன். அங்கே கொஞ்சம் நஷ்டம்தான்.

ஏலேலோவும் ஐலசாவும் அப்படியே இருக்கட்டும், ஒலியாகவே போடலாம் என்று முடிவானது. அதை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் வேறு ஒரு கூத்து. வழக்கமான எழுத்துப்பெயர்ப்பில் ஐலசாவின் முதல் பாதி, நோயில் கிடப்பதற்கான 'எய்ல்' என்ற ஆங்கிலச் சொல்லாகவே வந்து நிற்கிறது, நண்பரின் மகள் அதை 'எய்லாசா' என்று படித்து, நடுவில் அழுத்தமும் கொடுத்தாள். அதனால் அசைகளைக் கோடு போட்டுப் பிரித்து, கடைசி அசையைத் தடித்த எழுத்தாக்கி, முதல் அசை கண்ணுக்கான ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும், இழுவை மூன்றாவதில் விழும் என்று ஒரே ஒரு வரிக் குறிப்பு சேர்த்தோம். ஏலேலசிங்கன் என்ற வணிகரின் பெயரிலிருந்துதான் ஏலேலோ வந்தது என்று ஒரு கதை உண்டு, அதையும் போடலாமே என்று நண்பருக்கு ஆசை. வேண்டாம் என்றேன். கதை நல்ல கதைதான், ஆனால் அதைப் படித்தவர் ஒவ்வொரு ஏலேலோவிலும் ஒரு வணிகரைத் தேடுவார்.

அப்புறம் மடி. வலையின் கடைசியில் மீன் வந்து சேர்கிற பை அது. மீன்பிடித் துறையில் அதற்கான ஆங்கிலச் சொல் 'காட் எண்ட்'. அதில் இருக்கிற 'காட்' பை என்று பொருள்படும் பழைய சொல், ஆனால் படிக்கிறவருக்கு 'காட்' என்றால் குளிர்க்கடல் மீன். வங்காள விரிகுடாவில் அந்த மீனைக் கொண்டுவந்து விட எனக்கு மனமில்லை. வெறும் 'பை' என்று போட்டால் கடைக்குப் போகிற பை. நம் மடியில் அம்மா மடியும் இருக்கிறது, காசு முடிகிற மடியும் இருக்கிறது, அடுத்த வரியிலேயே அது கனக்கிறது என்று ஒரு அம்மனிடம் சொல்கிறார்கள். கடைசியில் 'லேப்' என்றே எழுதினேன். வலைக்கு 'லேப்' உண்டா என்று நண்பர் புருவத்தை உயர்த்தினார். இந்தப் பாட்டில் உண்டு என்றேன்.

கன்னியம்மாவை மட்டும் மொழிபெயர்க்கவே இல்லை. கன்னி, அம்மா இரண்டையும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் நேரே மாதா கோயிலுக்குள் போய்விடுவோம். அதே கடற்கரையில் மாதாவைக் கூப்பிட்டு வலை இழுக்கிற ஊர்களும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். பெயராகவே விட்டேன். 'கனக்குதடி'யில் இருக்கிற அந்த 'அடி', சாமியைத் தோழி மாதிரி கூப்பிடுகிற அது, ஆங்கிலத்தில் ஏறவே இல்லை. விட்டாச்சு.

இடப் பிரச்சினை கடைசியாக வந்தது. இருபத்துநாலு வரி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பதில், ஏ5 அளவுத் தாளில் ஒரு பக்கம். எழுத்தைச் சின்னதாக்கினால் இருட்டில் தெரியாது. முதல் இரண்டு கண்ணிகளில் ஏலேலோ, ஐலசாவை முழுதாக அச்சிட்டோம், அதற்கப்புறம் ஏலேலோ வருகிற இடத்தில் ஒரு சின்னக் கோடு, ஐலசாவுக்கு ஒரு கரும்புள்ளி. வேகம் ஏறுகிற இடத்தில் மறுபடி முழுச் சொல். இதைக் கொடுத்தபோது அதே நபரின் விரல் கடைசி வரை போனது. இடையில் ஒரு முறை தொலைந்தார், ஆனால் அடுத்த கரும்புள்ளியில் வந்து சேர்ந்துகொண்டார்.

அச்சுக்குப் போகும் முன் வந்த மாதிரிப் பக்கத்தைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். பாடியவர் என்ற இடத்தில் அவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று காட்டத்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெயரைப் பேரன் படித்துச் சொன்னதும் தலையாட்டிவிட்டு, பக்கத்தைக் கையில் வாங்கி, "இது என்ன தம்பி, கோடும் பொட்டும்?" என்றார். கோடு ஏலேலோ, பொட்டு ஐலசா என்றேன். விரலை மேலே வைத்து, வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டிலும் பொட்டிலும் நின்று நின்று கீழே வந்தார். பாதியைத் தாண்டியதும் விரல் நின்றது. திரும்ப மேலே போய் மறுபடி வந்தார்.

"ஒம்பதாவதுல பொட்டு இல்லியே. வலய அப்படியே வுட்டுட்டா போறது?"

பார்த்தேன். ஒன்பதாவது கண்ணியில் கரும்புள்ளி விழுந்திருக்கவில்லை. நாங்கள் நாலு பேர் மூன்று முறை பிழைதிருத்திய பக்கம் அது.