ரசீது இருக்கிறது, செட்டில் ஆகவில்லை

எங்கள் ஆலையின் விபத்து நஷ்டஈட்டுக் கோப்புகளைச் சுருக்கி எக்செல்லில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. காயம், வைத்தியச் செலவு, இழந்த நாட்கள், செட்டில்மென்ட் நிலை என்று நாலே கட்டம். எல்லாம் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தவர்கள். அப்போதிருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் வந்தவர்கள்.

படுத்தி எடுத்தது ஒரு பவர் பிரஸ் ஆபரேட்டரின் கோப்பு. 30 வயது. அவசரப் பிரிவுச் சீட்டில் 'வலது கை நசுங்கல்' என்றுதான் இருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஊனச் சான்றிதழைத் தேடிப் பார்த்தால், ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிருக்கிறது. சட்டத்தின் முதல் அட்டவணைப்படி அது 11 சதவீதம். காயம் என்ற கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான். செலவுக்கு ஃபைனல் பில் போதும்; அட்வான்ஸ் ரசீதுகளையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு முறை விழும்.

நாட்கள் கணக்கில்தான் வயிறெரிந்தது. வருகைப் பதிவேட்டில் விபத்துக்கு மறுநாளிலிருந்தே அவர் வேலைக்கு வந்ததாகப் பதிவு! டைம் ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டால், "ரிஜிஸ்டர்ல இருக்கிறதைப் போடுங்க சார், உங்களுக்கு எதுக்கு?" என்கிறார். காரணம் தெரிந்ததுதான். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஃபிட்னஸ் சான்றிதழும் கோப்பில் இல்லை. கடைசியில் செக்யூரிட்டியின் கேட் பதிவேடுதான் காப்பாற்றியது: 47 நாள் அவர் பெயரே இல்லை. 47 என்றே போட்டு, பக்கத்தில் முரண்பாட்டையும் குறித்தேன்.

எனக்கு முன்னால் பார்த்தவர் நிலை கட்டத்தில் 'முடிந்தது' என்று எழுதியிருந்தார். ஆதாரம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு ரசீது: 60,000 பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாகவே இல்லை. பதிவு எண் இல்லாத எந்த ரசீதையும் முடிந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, எவ்வளவு வர வேண்டும்? சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு அப்போதைய உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கான காரணி 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 11 சதவீதம் 2,05,900. ஒப்பந்தத்தை அனுப்பாத முதலாளி, ஆணையர் வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது என்றது அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. ஆக 30,000 போக, பாக்கி 1,75,900. வட்டி தனி.

மேலாளர் நிலை கட்டத்தை மறுபடியும் 'முடிந்தது' என்று மாற்றச் சொன்னார். விபத்து நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, ஆணையரிடம் போக 2 வருட அவகாசம் உண்டு என்று சொல்லி, 29-ஆம் பிரிவை அச்செடுத்து மேசையில் வைத்தேன். அப்புறம் கோப்பு வக்கீலிடம் போனது.