மாப்பிள்ளை இடுப்பில் குழந்தை

ஆகஸ்ட் 28, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் என் தம்பி ராமருக்கு நிச்சயதாம்பூலம். பெண் பாவூர்சத்திரம். ரெட்டையில் இளையவன் லட்சுமணன் காதலித்து முந்திக்கொண்டான். மூத்தவனுக்கு இப்போதுதான் கூடி வந்திருக்கிறது. இருவரையும் பிரித்துச் சொல்ல ஊருக்குத் தெரிந்த ஒரே அடையாளம் கன்னத்து மச்சம். ராமருக்கு இடது, லட்சுமணனுக்கு வலது.

ஃபிளக்ஸுக்கு இருவரும் ஆளுக்கொரு செல்ஃபி எடுத்து, பெயர் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஃபிளக்ஸ் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்தது. நடுவில் மாப்பிள்ளை, கீழே வரவேற்பவர்கள் வரிசையில் தம்பி. ஆச்சி கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "ஏலே, நடுவுல இருக்கது லட்சுமணன்லா? மச்சம் வலப்பக்கம் கெடக்கு பாரு!"

பெரியப்பா உடனே கடைக்குப் போன் போட்டார். "பேர் பாத்துத்தான் வச்சேன் அண்ணாச்சி" என்று பையன் சொல்லியிருக்கிறான். அவர் விடவில்லை, மாற்ற வைத்தார். புது மாதிரியில் மச்சம் சரியாக இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. சாயங்காலமே அச்சாகிவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெண்ணின் தாய்மாமா மும்பையிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளையை நேரில் பார்த்ததில்லை. மண்டப வாசலில் ஃபிளக்ஸை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தால், அதே மெரூன் கட்டம் போட்ட சட்டையில், அதே முகம், இடுப்பில் குழந்தையோடு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை "அப்பா" என்று வேறு கூப்பிட்டுவிட்டது. மனிதர் நேராக அக்காவிடம் ஓடினார்.

"யக்கா, மாப்பிள்ளைக்குப் பிள்ள இருக்கு! விசாரிச்சீகளா, இல்லியா?"

பந்தி அப்படியே நின்றுபோனது. ராமர் பட்டு வேட்டியோடு அறையிலிருந்து வெளியே வந்ததும் மாமாவுக்குப் பேச்சே இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சத்தைக் காட்டியும் நம்பவில்லை. "அப்ப வாசல்ல இருக்கது யாரு?"

பதில் லட்சுமணன் மனைவியிடமிருந்துதான் வந்தது. "மைனி, அது எங்க வீட்டுக்காரர் சட்டை. தலை தீபாவளிக்கு எங்கம்மா எடுத்துக் கொடுத்தது."

நான் வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. கீழே சின்னப் படத்திலும் அப்படித்தான். எந்தத் தையல்காரர் ஆம்பளைச் சட்டைக்கு வலப்பக்கம் பை வைப்பார்? இவர்கள் போனில் முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் திருப்பியே படத்தைச் சேமிக்கிறது. அதனால் லட்சுமணன் மச்சம் இடதுக்கும், ராமர் மச்சம் வலதுக்கும் போய்விட்டன. கடைப் பையன் முதலில் வைத்ததுதான் சரி.

பையைக் காட்டி விளக்கியதும் தாய்மாமா சிரித்த சிரிப்பில் மண்டபமே சிரித்தது. தட்டு மாற்றும்போது அவரே ராமர் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மோதிரம் போட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

கல்யாண ஃபிளக்ஸுக்கு ஸ்டுடியோவில்தான் படம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மெரூன் சட்டையை லட்சுமணன் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஆச்சியிடம் கொடுத்திருக்கிறாள்.