பெங்களூரில் எழுதிய மெயிலை ஓசூருக்கு மாற்றிய கதை

ஓசூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் டீம் லீட். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று நிர்வாகம் முடிவு செய்ததும், டீமுக்கு நான் அனுப்ப வேண்டிய மெயிலின் மாதிரியைப் பெங்களூர் தலைமை அலுவலகம் அனுப்பியது. பெயரை மட்டும் போட்டு அனுப்பினால் போதும் என்றார்கள்.

அதில் இருந்தது இதுதான்: காலை 8 முதல் 10 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வேலையைத் தொடங்கலாம், மதியம் 1 முதல் 2 வரை சாப்பாடு, நாளுக்கு 9 மணி நேர வேலை, 10 முதல் 4 வரை எல்லோரும் கூப்பிட்டால் கிடைக்க வேண்டிய கோர் ஹவர்ஸ். அடியில், "மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி. எந்த மாநிலம்? கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி, ஒன்பது மணிக்குள் தொடங்குபவருக்கு இந்தக் கணக்கு சரி. நாளுக்கு 9 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், தொடர்ந்து 5 மணி நேரம் போனால் ஒரு மணி நேரம் இடைவேளை தர வேண்டும். எட்டு மணிக்கு வந்தவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் சரியாக ஐந்து மணி நேரம். ஆனால் எங்கள் ஆபீஸ் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம்தான். அதில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஓவர்டைம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டுமென்றால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கட்டாயம். வாரத்துக்கு 48 மணி என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஹெச்.ஆர். மேடத்திடம் போனில் சொன்னேன். "சார், எல்லா ஊருக்கும் ஒரே டெம்ப்ளேட்தான்" என்றார். எட்டு மணிக்கு வருகிறவர் பன்னிரண்டு மணிக்கே எழுந்தாக வேண்டுமே, உங்கள் டெம்ப்ளேட்டில் அவர் ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிட்டு வந்து, "மாற்றி அனுப்புங்கள்" என்றார்.

மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. இடைவேளையை ஒரு மணிக்கே கட்டிப் போட்டால், அதற்கு முன் நான்கு மணி நேரம், பின் நான்கு மணி நேரம் என்று எல்லோரும் 9 முதல் 6 வரை இருந்தே ஆக வேண்டும். நேரத்தில் சலுகை என்று எதுவும் மிஞ்சாது. அதனால் இடைவேளையை நகர விட்டேன். எட்டுக்குத் தொடங்குபவர் 12 முதல் 1 வரை ஓய்வெடுத்து 5 மணிக்கு முடிப்பார். கடைசியாக ஒன்பதரைக்குத் தொடங்குபவருக்கு 1.30 முதல் 2.30 வரை ஓய்வு, 6.30-க்கு முடிவு. கோர் ஹவர்ஸ் 10 முதல் 4 என்பதில் கை வைக்கவில்லை. 12 முதல் 2.30 வரை யாரும் மீட்டிங் போடக் கூடாது என்பது மட்டும் புதிது. எனக்கு அந்த மெயிலிலேயே பிடித்த வரி அதுதான்.

காரணம் சொல்லும் பத்தியை இப்படி எழுதினேன்: "வேலை நேரமும் ஓய்வும் தமிழ்நாடு சட்டப்படி, அதில் நானோ ஹெச்.ஆரோ விலக்கு தர முடியாது. மூன்று நாள் ஆபீஸ் என்பது நிறுவனத்தின் கொள்கை. மாற்றம் வேண்டுமென்றால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று நாளைக் குறித்தது நான். அதைப் பற்றி என்னிடம் பேசலாம்." மூன்றையும் ஒன்றாகக் குழப்பி 'நிர்வாக முடிவு' என்று எழுதியிருந்தால், எல்லாக் கேள்வியும் என் மேஜைக்குத்தான் வந்திருக்கும்.

அப்படியும் கேள்வி வந்தது. "கோர் ஹவர்ஸ் ஆறு மணி நேரம்னா, நாலு மணிக்கு சிஸ்டத்த மூடிடலாமா அண்ணா?" என்று கேட்டான் காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் தம்பி. கோர் ஹவர்ஸ் என்பது கூப்பிட்டால் கிடைக்க வேண்டிய நேரம், மொத்த வேலை எட்டு மணி நேரம் என்று மறுமெயில் போட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து வரும் அக்கா கேட்டது வேறு. "வீட்ல இருக்கற நாள்ல மெயின்டனன்ஸ்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் எடுத்துடுவாங்களே, அன்னைக்கு என்ன பண்றது?" பெங்களூர் மாதிரியில் இதற்கு இடமே இல்லை. பராமரிப்பு மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிப்பதால், அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, அந்த வாரம் மட்டும் வீட்டு நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்த்தேன். நாளைக் குறிப்பது என் அதிகாரம் என்று மெயிலிலேயே இருந்ததால் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் கோயம்புத்தூர் கிளையிலிருந்து ஒருவர் என் மெயிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்களுக்கும் அதே கர்நாடக மாதிரிதான் போயிருந்ததாம்.