ஏழு பீஸில் இரண்டு பழுது: சிவப்பு அட்டை வந்தால் என்ன செய்வது?

பனியன் கம்பெனி லைன்களில் பல இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. தரம் பார்க்கும் லைன் க்யூசி முன்னறிவிப்பில்லாமல் வந்து, டெய்லர் தைத்து முடித்த பண்டிலிலிருந்து ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார். ஒன்றிலும் பழுதில்லை என்றால் மெஷினில் பச்சை அட்டை, ஒரு சின்னப் பழுது என்றால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் பாட்டம் ஃபோல்டிங்கை எடுத்துக்கொள்வோம். பிளாட்லாக் மெஷின், ஏழில் இரண்டு பீஸில் தையல் விட்டிருக்கிறது. "ஸ்கிப் ஸ்டிச், பார்த்துத் தைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டு பீஸையும் கையில் வாங்கிக்கொண்டு, "எந்த இடத்துல விட்டிருக்குங்க? பண்டில்ல எத்தனாவது பீஸ்?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

இடம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சைடு தையலைத் தாண்டும் இடத்தில் மட்டும் விட்டிருந்தால், அந்தத் தடிமனில் ஊசி வளைந்து, அடியிலிருக்கும் லூப்பர் ஊசியின் நூலைப் பிடிக்காமல் போகிறது. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது. ஓட்டம் முழுக்க அங்கங்கே விட்டிருந்தால் முதல் சந்தேகம் ஊசி மேல். நுனியை நகத்தில் உரசிப் பாருங்கள், கீறினால் மாற்றிவிடுங்கள். நிட் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போட வேண்டும், கூர் ஊசி துணியின் இழையை அறுத்து ஓட்டை போடும். புது ஊசி போட்டும் விட்டால் நூல் கோத்த வழியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் லூப்பர் டைமிங். அதில் கை வைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்த பிறகும் பழைய பண்டில் பாக்கி இருக்கிறது. கடைசியாகத் தைத்த பீஸிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். தொடர்ந்து பத்துப் பீஸ் சுத்தமாக வந்தால், பழுது அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று ஓரளவு நம்பலாம். பலர் விடுவது இதைத்தான். மெஷின் சரியாகிவிடும், பழுதான பீஸ் மட்டும் ஃபைனல் செக்கிங் வரை போய் ஆல்ட்ரேஷனாகத் திரும்பி வரும்.

பச்சை அட்டையையும் அளவோடு நம்புங்கள். நூற்றுக்குப் பத்துப் பீஸ் பழுதாகத் தைப்பவருக்கும், ஏழு பீஸ் எடுத்தால் ஏறக்குறைய பாதி தடவை பச்சைதான் கிடைக்கும் (0.9-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.48). க்யூசி பார்ப்பார் என்று நல்ல பீஸை மேலே அடுக்கிவைத்தால் அந்தப் பச்சைக்கு அர்த்தமே இல்லை. விவரமான க்யூசி பண்டிலின் நடுவிலிருந்துதான் உருவுவார்.

அதனால் ஒரு நாள் அட்டையை விட ஒரு வாரம் எழுதிவைத்த சீட்டைப் பாருங்கள். தேதி, நேரம், பழுது, இடம், இந்த நாலும் போதும். மதியம் மூன்று மணிக்கு மேலேயே ஸ்கிப் வருகிறது என்று தெரிந்தால், ஊசியைச் சாப்பாட்டு இடைவேளையிலேயே மாற்றிப் பார்க்கலாம்.