வாங்கிய காரணத்தை நானே திருத்தியிருந்தேன்

என் முதலீட்டுக் குறிப்பேட்டை இரண்டாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக முறைப்படி சரிபார்க்க உட்கார்ந்தபோது, அதில் நம்ப முடியாத பகுதி நான் எழுதிய காரணங்கள்தான் என்று தெரியவந்தது. 2022 ஜூலைத் தொடக்கத்தில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் பங்குகளை 610 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். 2024 ஜூலைத் தொடக்கத்தில் விலை 930. கணினி அட்டவணையில் காரணம் என்ற கட்டத்தில் 'ஏற்றுமதி வளர்கிறது' என்று இருந்தது. ஏற்றுமதி உண்மையிலேயே வளர்ந்திருந்ததால், என் கணிப்பு பலித்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கப் பெருமையில் இருந்தேன்.

பிறகு ஏதோ ஐயத்தில் அந்தக் கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்து பார்த்தேன். வாங்கிய அன்று நான் எழுதியிருந்தது, '480 கோடிக் கடன் இரண்டாண்டில் 300 கோடிக்குக் கீழ் வரும்' என்பது. விலை 520க்கு இறங்கிய மாதத்தில் அதை அழித்துவிட்டு ஏற்றுமதியை எழுதியிருக்கிறேன். அப்படிச் செய்த நினைவே எனக்கு இல்லை. 2024 மார்ச் கணக்கின்படி கடன் 510 கோடி. அதே இரண்டாண்டில் நிஃப்டி 50 குறியீடும் 15,750 அளவிலிருந்து 24,100ஐத் தாண்டியிருந்தது. இரண்டு ஏற்றமும் ஏறக்குறைய 53 விழுக்காடு என்பதால், என் ஆராய்ச்சி ஈட்டித் தந்தது எதுவும் இல்லை.

ஆகவே இப்போது பக்க எண் அச்சிட்ட கட்டுநோட்டில் பேனாவால் எழுதுகிறேன். திருத்தம் வேண்டுமானால் பழைய வரியை அடிக்காமல் கீழே தேதியிட்டுச் சேர்க்கிறேன். (தெருமுனைக் கடையில் வாங்கிய நோட்டின் தாளில் மை மறுபக்கம் ஊறுகிறது, அடுத்ததற்குக் கணக்குப் பேரேடுதான்.) தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் தேதியும் விலையும் இருக்கும் என்பதால் அவற்றை மீண்டும் எழுதுவதில்லை. காரணத்தை எழுதும் வரிதான் இன்னும் படுத்துகிறது. 'நல்ல நிர்வாகம்' என்று எழுதினால் அது பொய்த்ததா என்று எந்நாளும் சொல்ல முடியாது. எந்த எண், எந்த அறிக்கையில், எந்தத் தேதிக்குள், எந்த அளவைத் தொடாவிட்டால் நான் தவறு என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் அடக்க, சில சமயம் ஒரு மாலை முழுதும் போகிறது. அடக்க முடியாமல் போன இரண்டு பங்குகளை இவ்வாண்டு வாங்காமலே விட்டேன்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. லாபக் கணக்கு காலாண்டுதோறும் வந்தாலும், சொத்து, கடன் விவரங்கள் செப்டம்பர், மார்ச் கணக்குகளோடு மட்டுமே கட்டாயமாக வெளியாகும். ஆகவே கடனைக் காரணமாக எழுதிய பக்கத்தை நவம்பர் நடுவிலும் மே இறுதியிலும் மட்டும் புரட்டுகிறேன். அப்போதும் அறிக்கையின் எண்ணை எழுதி முடித்த பிறகே அன்றைய விலையைப் பார்க்கிறேன், ஏனெனில் விலை முதலில் கண்ணில் பட்டால் தீர்ப்பு அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வாங்காமல் விட்ட அந்த இரண்டுக்கும் நோட்டின் கடைசியிலிருந்து தனிப் பக்கங்கள் தொடங்கியிருக்கிறேன். பழைய அட்டவணையில் இன்னும் பதினொரு பங்குகளின் முதற்பதிப்பைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.