ஜிஎஸ்டி 12-லேருந்து 18 ஆனப்போ அந்த 6 பர்சென்ட்ட டிபார்ட்மென்ட்கிட்ட கேட்டு வாங்கினது

2022 ஜூலை 18-லேருந்து அரசு கட்டுமான வேலைக்கு ஜிஎஸ்டி 12-லேருந்து 18 ஆச்சே, அப்போ நாங்க ஒரு அரசுத் துறைக்கு கட்டிடம் கட்டிட்டு இருந்தோம், நான் பில்லிங் பாக்குற ஆளு. டெண்டர்ல போட்ட ரேட் வரி உள்பட. அதனால 18 ஆனாலும் பில் பாஸ் பண்றது பழைய தொகைக்குத்தான்னு டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கான்ட்ராக்ட்ல சேஞ்ச் இன் லா கிளாஸ் இருந்துச்சு. பிட் போடுற கடைசி தேதிக்கு 28 நாள் முன்னாடிதான் பேஸ் டேட், அதுக்கப்புறம் வரி மாறுனா கூடினது கொறஞ்சது ரெண்டும் அட்ஜஸ்ட் பண்ணனும்னு தெளிவாவே போட்டிருந்துச்சு.

மொதல்ல போனது ஒரு பக்க நோட்டீஸ் மட்டும்தான். கிளாஸ் நம்பர், பேஸ் டேட், அன்னைக்கு இருந்த ரேட், மாத்தின நோட்டிபிகேஷன் (03/2022 மத்திய வரி ரேட், ஜூலை 13 தேதியிட்டது), கணக்கு பின்னாடி வரும்னு ஒரு வரி, அவ்ளோதான். கணக்கு முடியட்டும்னு காத்திருந்தா நோட்டீஸ் டைம் போயிடும், அப்புறம் கிளாஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இன்வர்ட்ல சீல் வாங்கி வெச்சுகிட்டோம்.

உண்மையான சிக்கல் இன்வாய்ஸ்லதான். ஒரு பில்ல எடுத்துக்கோங்க, வரி உள்பட 56 லட்சம். 1.12-ஆல வகுத்தா வேலை மதிப்பு 50 லட்சம், வரி 6. புது ரேட்ல வரி 9, ஆக மொத்தம் 59, நமக்கு வர வேண்டியது 3 லட்சம். நெறைய பேர் 56-க்கு 6 பர்சென்ட் போட்டு 3.36-னு கேப்பாங்க, அத டிவிஷனல் அக்கவுண்டன்ட் பாத்த ஒடனே அடிச்சுடுவார். அதவிட மோசம் எது தெரியுமா, வரப்போறது 56 தானேன்னு இன்வாய்ஸையும் 56-க்கே போட்டு உள்ள 18 பிரிச்சு காட்டுறது. அப்போ மதிப்பு 47.46, வரி 8.54. பழைய 6-ஐ கழிச்சா 2.54-தான் கூடுதல் வரின்னு ரிட்டர்ன்லயே பதிவாயிடும், அப்புறம் 3 கேட்டா உன் விற்பனை ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-1 என்ன சொல்லுதுன்னு திருப்பிக் கேப்பாங்க. எங்க ஆடிட்டர் கறாரா 50 + 9-னு 59-க்கே இன்வாய்ஸ் போட வெச்சார், டிபார்ட்மென்ட் 56 பாஸ் பண்ணுச்சு, மிச்சம் 3 பாக்கின்னு லெட்ஜர்ல நின்னுச்சு. கைக்கு வராத காசுக்கும் சேத்து வரி கட்டணும், கஷ்டம்தான், ஆனா அந்த பாக்கிதான் ஆதாரம்.

பில் வாரியா ஒரு ஷீட் போட்டோம்: வேலைய அளந்து எழுதுற எம்-புக் பக்கம், இன்வாய்ஸ் தேதி, 12-ல வரி, 18-ல வரி, வித்தியாசம். பக்கத்துலயே அந்த மாச வரி கட்டின ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-3பி, கட்டின சலான், கூடவே ஆடிட்டர் சர்டிபிகேட்.

ஜூன்ல அளந்த வேலைக்கு 18 எப்படின்னு அசிஸ்டென்ட் இன்ஜினியர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலை முன்னாடி முடிஞ்சிருந்தாலும் இன்வாய்ஸும் பணமும் ரெண்டுமே ஜூலை 18-க்கு அப்புறம்னா புது ரேட்னு ஜிஎஸ்டி சட்டம் 14-ஆவது பிரிவு சொல்லுது. அதே பிரிவுப்படி ஜூலை 18-க்கு முன்னாடியே இன்வாய்ஸ் போட்டு பணம் மட்டும் லேட்டா வந்த ஒரு பில்லுக்கு 12-தான், அத நாங்களே கணக்குல சேக்கல. அந்த ஒரு பில்ல விட்டதால மத்ததையும் நம்பினாங்கன்னு நெனைக்கிறேன்.

அடுத்து அக்கவுண்ட்ஸ்ல, நீங்க ஐடிசி, அதாவது வாங்கின பொருளுக்கு கொடுத்த வரியோட கிரெடிட்ட வெச்சு கட்டிருக்கீங்க, கேஷ் போகலையே, என்ன நஷ்டம்னாங்க. ஐடிசின்னா சிமெண்ட்டுக்கு 28, கம்பிக்கு 18-னு நாங்க ஏற்கனவே சப்ளையருக்கு கொடுத்த காசு சார், அந்த ரேட் ரெண்டும் ஜூலைல மாறல, அதனால கிரெடிட் ஒரு ரூபா கூட கூடலன்னு பர்சேஸ் பில்லோட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். இத கேக்காமலே மொத லெட்டர்லயே வெச்சிடுங்க, ஏன்னா கண்டிப்பா கேப்பாங்க.

கடைசியா வந்ததுதான் பெரிய ஆப்பு. ஒரிஜினல் டைம்ல முடிச்சிருந்தா வேலையே ஜூலைக்கு முன்னாடி முடிஞ்சிருக்கும், உங்க லேட்டுக்கு நாங்க ஏன் தரணும்னு எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் ஆபீஸ் கேட்டுச்சு. சைட்ட லேட்டா ஒப்படைச்சதுக்கு டைம் எக்ஸ்டென்ஷன் ஆர்டர் அபராதம் இல்லாம வாங்கி வெச்சிருந்தோம், அதோட காப்பி போனதும் அந்த கேள்வி நின்னுச்சு. ஆனா கடைசி எக்ஸ்டென்ஷன் இன்னும் சாங்ஷன் ஆகல, அந்த காலத்து பில்லோட வித்தியாசத்த மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. மத்ததெல்லாம் சப்ளிமெண்டரி பில்லா பாஸ் ஆச்சு. அந்த பணத்துக்கு புதுசா இன்வாய்ஸ் போடல, 59-ல வரி ஏற்கனவே கட்டியாச்சு, பாக்கில கழிச்சுகிட்டோம். கூடவே கேட்ட பேங்க் வட்டிய கொடுக்கல, கிளாஸ்ல அது இல்ல.