வெளியூர் போகுமுன் மின்னஞ்சலில் வைத்த தானியங்கிப் பதிலும் அதிலிருந்து நான் எடுத்துவிட்டவையும்

நாச்சியார்கோயிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையில் ஆர்டர், பில், கடிதப் போக்குவரத்து எல்லாம் நான்தான் பார்க்கிறேன். கார்த்திகை தீபம் முடிகிறவரை மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கப்புறம் வேலை கொஞ்சம் இறங்கும். எங்கேயாவது போவதென்றால் அப்போதுதான்.

முந்தைய ஆண்டு அப்படித்தான் குடும்பத்தோடு காசிக்குப் போனோம். கிளம்பும் முன், கேட்பவர்களுக்குத் தெளிவாகப் பதில் போகட்டும் என்று நினைத்து ஜிமெயிலில் ஒரு தானியங்கிப் பதில் வைத்தேன். குடும்பத்தோடு காசி போகிறேன், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் திரும்புவேன், அங்கே போன் சரியாக எடுக்காது, பணம் சம்பந்தமான விஷயங்களைக் கணக்குப் பார்க்கும் அண்ணன் கவனிப்பார் என்று எழுதி, அவர் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் கொடுத்திருந்தேன். மரியாதையாக, முழுமையாக எழுதியிருக்கிறோம் என்றே அன்று நினைத்தேன்.

போன நான்காம் நாள் அண்ணனுக்கு என் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. "நான் காசியில் இருக்கிறேன், போன் எடுக்கவில்லை, பித்தளை கொடுப்பவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவை 1,85,000 ரூபாயை இன்றே இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று. காசி உண்மை. போன் எடுக்காததும் உண்மை. பித்தளைக்குப் பாக்கி இருந்ததும் உண்மை. விளக்குப் பட்டறைக்குப் பித்தளைப் பாக்கி இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. அண்ணனுக்கு ஒரே ஒரு இடம்தான் இடித்தது. நான் அவரை எழுத்திலும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கடிதம் முழுக்க "சார்" என்றிருந்தது. அவர் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. பழைய பில்லில் அச்சடித்திருந்த எண்ணை எடுத்துப் பித்தளைக்காரருக்கே போன் போட்டார். "எங்க கணக்கு மாறவே இல்லையே" என்றார் அவர். அதோடு பணம் தப்பியது.

ஊர் திரும்பியதும் உட்கார்ந்து பார்த்தேன். என் பெயர் சரியாக இருந்தது, பெயருக்குப் பின்னால் இருந்த முகவரியில் ஒரு எழுத்து கூடுதல். கைபேசித் திரையில் பெயர் மட்டும்தான் பெரிதாகத் தெரியும். அதைத் தொட்டு விரித்தால்தான் முகவரி வரும். அதற்கு இரண்டு நாள் முன்பு யாரோ ஒருவர் என் பெட்டிக்கு "விளக்கு விலை என்ன" என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தார். என் தானியங்கிப் பதில் அவருக்குப் போயிருக்கும். போலிக் கடிதத்தில் இருந்த தகவலெல்லாம் அந்தப் பதிலில் இருந்தவைதான், வாக்கியங்கள்கூட அதே வரிசை. என் கணக்கு யார் கையிலும் சிக்கவில்லை. கடவுச்சொல்லும் போகவில்லை. கேட்டவருக்கு நானே எழுதிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். (பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.)

இந்த முறை பொங்கல் கழித்து ஐதராபாத்தில் தங்கை வீட்டுக்கு ஒன்பது நாள். பதிலை வேறு மாதிரி வைத்தேன்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே பல்சக்கரத்தை அழுத்தி, `See all settings` போனால் முதல் பக்கத்திலேயே கடைசியாக `Vacation responder` இருக்கும். `First day` என்பதில் போடும் நாளின் நள்ளிரவு 12 மணிக்கே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். `Last day` போட்டால் அந்த நாள் இரவு 11:59 வரை ஓடும். நான் திரும்புவது 28 இரவு. அதனால் 29 என்று வைத்தேன். வந்த மறுநாள் சேர்ந்து கிடப்பதைப் பார்க்க ஒரு நாள் வேண்டும். ஒருவரே திரும்பத் திரும்ப எழுதினாலும் ஒவ்வொரு தடவையும் பதில் போகாது. நான்கு நாளுக்குப் பிறகும் அவர் எழுதினால்தான் மறுபடி போகும்.

அதற்குக் கீழே, தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் பதில் போகட்டும் என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்தால் முன்பின் தெரியாதவருக்குப் பதிலே போகாது, ஆபத்தும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். சொந்தக் கடிதங்களுக்கு மட்டும் பயன்படும் பெட்டியானால் யோசிக்காமல் அதைச் செய்யுங்கள் என்பேன். பட்டறைக்கு அது சரிவராது. புதிதாக விளக்கு கேட்பவர் எங்கள் பட்டியலில் இருக்க மாட்டார். பதில் வராவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அதனால் கட்டத்தைத் தொடவில்லை. யார் கேட்டாலும் பதில் போகும் என்ற நிலையில், முழுக்க அந்நியர் ஒருவர் படிக்கப்போகிறார் என்று வைத்துக்கொண்டே எழுதினேன்:

"வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் வழக்கத்தைவிடத் தாமதமாக, 30ஆம் தேதி வாக்கில் வரும். ஆர்டர் பற்றி அவசரமென்றால் பட்டறையின் தொலைபேசிக்கு வேலை நேரத்தில் அழையுங்கள். நன்றி."

எங்கே போகிறேன், யாரோடு, எதற்காக என்பது இதில் இல்லை. ஊரில் இல்லை என்பதும் இல்லை. குடும்பத்தோடு போகிறோம் என்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றுதானே பொருள். அண்ணனின் பெயரையும், பணத்தை யார் பார்க்கிறார் என்பதையும் எடுத்துவிட்டேன். யாரைக் குறிவைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது போனமுறை அந்த ஒரு வரிதான். அவர் கைபேசி எண்ணுக்குப் பதில் 0435 என்று தொடங்கும் பட்டறைத் தொலைபேசி. அது எங்கள் பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது, புதிதாக எதுவும் வெளியே போகவில்லை. தேதியையும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கல்யாணச் சீருக்கு விளக்கு கேட்பவருக்கு நாள் தெரிந்தாக வேண்டும். "திரும்புவேன்" என்று எழுதாமல் "பதில் வரும்" என்று மாற்றினேன்.

சேமித்தபின் என் மகன் பெட்டியிலிருந்து ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். பதிலுக்குக் கீழே என் கையொப்பம் தானாக ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அதில் என் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் இருந்தன. எப்போதோ கூரியருக்காகச் சேர்த்தது. பதிலில் பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம் அடியில் நின்றுகொண்டிருந்தது. அதே அமைப்புப் பக்கத்தில் `Signature` பகுதிக்குப் போய், பட்டறையின் பெயரையும் தொலைபேசியையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். பதிலிலும் ஒரு வார்த்தையைத் திருத்திச் சேமித்தேன், அப்படித் திருத்தினால் நான்கு நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். மகன் மறுபடி அனுப்பினான், சுத்தமாக வந்தது.

நான் ஊரில் இல்லை என்பது தெரிய வேண்டியவர்கள் மொத்தம் பதினோரு பேர்: பித்தளைக்காரர், லாரி ஆபீஸ், சென்னைக் கடைகள். கிளம்புமுன் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நானே சொன்னேன். அரை நாள் ஆனது. அண்ணனிடம் ஒரு ஏற்பாடு: என் பெயரில் எந்தக் கடிதம் பணம் கேட்டு வந்தாலும் என் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது, போன் எடுக்கவில்லையென்றால் நான் எடுக்கும்வரை காத்திருக்கலாம். பித்தளைக்காரரிடமும் இதைச் சொன்னேன். "நாலு நாள் தாமதமானா ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

ஐதராபாத்திலிருந்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டோம். ஜிமெயிலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை நின்றது. அதில் `End now` அழுத்திவிட்டு, வந்து கிடந்த கடிதங்களைப் பழையதிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.